வட கடல் வழக்கு: ஏற்புறுதி செய்யாத ஜெர்மனியை ஒப்பந்த விதி வழக்காறாகக் கட்டுமா?

மாதிரிவாதி:

சட்டக் கல்லூரிகளுக்கிடையிலான மாதிரி நீதிமன்றப் போட்டியில் எங்கள் அணிக்குக் கிடைத்திருக்கும் வழக்கு, 1969-இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த வட கடல் கண்டத்திட்டு வழக்கின் நகல் என்றே சொல்லலாம். நாடுகளின் பெயர்கள் மட்டுமே கற்பனை. டென்மார்க்கும் நெதர்லாந்தும் நின்ற இடத்தில் நின்று நாங்கள் வாதாட வேண்டும், அதாவது பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் தோற்ற பக்கத்தில்.

எனக்குப் புரிந்த வரை செய்தி இதுதான். கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலப்பரப்பான கண்டத்திட்டு பற்றிய ஜெனீவா ஒப்பந்தம் 1958-இல் உருவாகி 1964-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்தடுத்துள்ள இரு கடலோர நாடுகள் தமக்குள் உடன்பாடு காணாவிட்டால், தனிச் சூழல்கள் இல்லாத நிலையில், இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் செல்லும் கோடே எல்லை என்று அதன் 6-ஆம் பிரிவு சொல்கிறது. மேற்கு ஜெர்மனி அதில் கையெழுத்திட்டது, ஆனால் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதி சொல்லும் ஏற்புறுதியைச் செய்யவில்லை. ஆகவே ஒப்பந்தமாக அது ஜெர்மனியைக் கட்டாது என்றாலும், சமதூர விதி அதற்குள் வழக்காறாகி, அதாவது நாடுகளின் தொடர்ந்த நடைமுறையால் உருவாகும் எழுதாச் சட்டமாகி விட்டதால் எல்லோரையும் கட்டும் என்று டென்மார்க்கும் நெதர்லாந்தும் வாதிட்டன. உலகில் ஏறக்குறைய பதினைந்து எல்லைகள் சமதூர முறையில் வரையப்பட்டிருப்பதையும் எடுத்துக் காட்டின. நீதிமன்றம் ஏற்கவில்லை.

பதினைந்து உதாரணங்கள் ஏன் போதவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முப்பது இருந்திருந்தால் போதியிருக்குமா? எண்ணிக்கைதான் குறையா, வேறு ஏதாவதா?

திருவொற்றியூரான்:

இவ்வளவு சுற்றி வளைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஜெர்மனி கையெழுத்திட்டிருக்கிறது. கையெழுத்திட்ட நாடு அந்த ஒப்பந்தத்துக்கு எதிராக நடக்கக் கூடாது என்பது, ஒப்பந்தங்களுக்கான விதிகளைச் சொல்லும் வியன்னா ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவு. வழக்காறு பக்கமே போகாமல் அந்த ஒரு வாதத்தை மட்டும் வலுவாக வைத்தால் போதும்.

நெடுங்கடல்:

திருவொற்றியூரான் சொல்வதில் பாதி சரி. கையெழுத்துக்குச் சில விளைவுகள் உண்டு, ஆனால் அவை நீங்கள் எண்ணும் அளவுக்கு நீள்வதில்லை. 18-ஆம் பிரிவு சொல்வது, ஏற்புறுதி நிலுவையில் இருக்கும் காலத்தில் ஒப்பந்தத்தின் குறிக்கோளையே பாழாக்கும் செயலில் இறங்கக் கூடாது என்பதைத்தான். ஒவ்வொரு பிரிவையும் இப்போதே நிறைவேற்று என்று அது சொல்வதில்லை. பெண் பார்த்து நிச்சயம் செய்தவர் வேறு இடத்தில் தாலி கட்டக் கூடாது, ஆனால் குடும்பம் நடத்தும் கடமை இன்னும் தொடங்கவில்லை. மேலும், வட கடல் தீர்ப்பு வந்தது 1969 பிப்ரவரி 20. வியன்னா ஒப்பந்தம் ஏற்கப்பட்டது அதே ஆண்டு மே மாதம். அது நடைமுறைக்கு வந்தது 1980-இல்.

ஆனாலும் அந்த வாதத்தை டென்மார்க்கும் நெதர்லாந்தும் வேறு வடிவில் வைத்தன. ஜெர்மனி கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யும் எண்ணத்தை வெளிப்படுத்தியது, 1964 ஜனவரியில் வெளியிட்ட பிரகடனத்தில் அந்த ஒப்பந்தத்தைச் சார்ந்து நின்று தன் கண்டத்திட்டுக்கு உரிமை கோரியது, ஆகவே நடத்தையாலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றன. நீதிமன்றத்தின் பதில் கடுமையானது. ஒரு நாடு தன் சம்மதத்தைத் தெரிவிப்பதற்கு ஒப்பந்தமே ஒரு வழியை வகுத்திருக்கும்போது, அந்த வழியில் போக முழு உரிமை இருந்தும் போகாத நாடு வேறு ஏதோ வழியில் கட்டுப்பட்டுவிட்டது என்று எளிதில் கொள்ள முடியாது. மிகத் திட்டவட்டமான, கொஞ்சமும் பிறழாத நடத்தை இருந்தால் மட்டுமே அப்படி எண்ண இடமுண்டு. அல்லது ஜெர்மனியின் பேச்சை நம்பி டென்மார்க்கோ நெதர்லாந்தோ தம் நிலையை மாற்றிக்கொண்டு இழப்புக்கு ஆளாகியிருக்க வேண்டும். அதற்குச் சான்று இல்லை.

மாதிரிவாதியின் கேள்விக்கு இரவில் விரிவாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன், முப்பது இருந்திருந்தாலும் போதியிராது.

வரிக்கணக்கர்:

ஒரு ஐயம். ஜெர்மனி தானே முன்வந்து நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. 1967-இல் மூன்று நாடுகளும் சேர்ந்துதான் வழக்கை ஒப்படைத்தன என்று படித்தேன். நீதிமன்றத்துக்குப் போகச் சம்மதித்த பிறகு, எனக்கு இந்த விதியில் சம்மதமில்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

நெடுங்கடல்:

கணக்கர் ஐயா, இவை இரண்டு தனித்தனிச் சம்மதங்கள், கலக்கக் கூடாது. என் வழக்கை நீ விசாரிக்கலாம் என்று சொல்வது ஒன்று. இந்த விதி என்னைக் கட்டும் என்று ஒப்புக்கொள்வது இன்னொன்று. 1967 பிப்ரவரியில் செய்துகொண்ட சிறப்பு உடன்பாடுகளில் ஜெர்மனி முதல் சம்மதத்தைத் தந்தது. எந்த விதி பொருந்தும் என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வியே.

இந்த இரண்டும் பிரிந்து நிற்பதைப் பார்க்க 1986-இன் நிகரகுவா வழக்கு நல்ல இடம். பலதரப்பு ஒப்பந்தங்களைப் பற்றிய பூசல் என்றால், பாதிக்கப்படும் எல்லா ஒப்பந்த நாடுகளும் வழக்கில் இருந்தால்தான் விசாரிக்கலாம் என்று அமெரிக்கா முன்னரே நிபந்தனை போட்டிருந்தது. எல் சால்வடார் வழக்கில் இல்லை. ஆகவே ஐ.நா. சாசனத்தை நேரடியாகப் பொருத்த நீதிமன்றத்தால் முடியவில்லை. ஆனால் பிற நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது சாசனத்துக்கு வெளியே வழக்காறாகவும் தனியே உயிரோடு இருக்கிறது, அதற்கு உங்கள் நிபந்தனை பொருந்தாது என்று கூறி, அதன்படியே அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வாசலில் பூட்டுப் போட்டவர் புறக்கடைக் கதவை மறந்துவிட்ட கதை.

நெடுங்கடல்:

மாதிரிவாதிக்கு.

முதலில் கடல் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இந்த வழக்கு விளங்காது. நெதர்லாந்தின் கரை ஏறத்தாழ வடகிழக்காக ஏறுகிறது, டென்மார்க்கின் ஜட்லாந்துக் கரை நேர் வடக்காகப் போகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, உள்வாங்கிய முழங்கை மடிப்பில் ஜெர்மனியின் கரை இருக்கிறது. கரை இப்படி உள்ளே குழிந்திருந்தால், இருபுறமும் வரையப்படும் சமதூரக் கோடுகள் கடலுக்குள் போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து முட்டிக்கொள்ளும். நடுவில் உள்ள நாட்டுக்குக் கிடைப்பது கரையருகே ஒரு சிறு முக்கோணம். நடுக்கடலில் இங்கிலாந்தின் பங்கைத் தொடும் இடம் வரை மற்ற இருவரின் பங்கும் நீளும். கரை வெளியே புடைத்திருந்தால் இதற்கு நேர்மாறாகக் கோடுகள் விரிந்து போகும், நடுநாட்டுக்கு யோகம். மூன்று நாடுகளின் கரைகளும் நீளத்தில் ஒப்பிடத்தக்கவை என்பதை நீதிமன்றம் குறிப்பிடுகிறது. வேறுபாடு வளைவில் மட்டும்தான்.

கரையை ஒட்டிய பகுதிக்கு மூவரும் உடன்பட்டுவிட்டார்கள். நெதர்லாந்தோடு 1964-இலும் டென்மார்க்கோடு 1965-இலும் ஜெர்மனி கோடு வரைந்தது. அதைத் தாண்டி எப்படி நீட்டுவது என்பதில்தான் சண்டை. சமதூரக் கோட்டைச் சட்டம் என்று ஒப்புக்கொண்டால் ஜெர்மனியின் கதை அங்கேயே முடிந்துவிடும். ஏற்புறுதி செய்யாமல் விட்டதன் விலைமதிப்பு அதுதான்.

இனி பதினைந்து உதாரணங்கள். ஓர் ஒப்பந்த விதி, ஒப்பந்தத்தில் சேராதவரையும் கட்டும் வழக்காறாக மாற மூன்று வழிகள் உண்டு என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே இருந்த வழக்காற்றை ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கலாம். உருவாகிக்கொண்டிருந்த வழக்காறு ஒப்பந்தம் பேசப்பட்டபோது உறைந்து கெட்டிப்பட்டிருக்கலாம். அல்லது ஒப்பந்தம் வந்த பிறகு நாடுகள் அதைப் பின்பற்றியதால் வழக்காறு பிறந்திருக்கலாம். முதல் இரண்டையும் அடைக்க நீதிபதிகளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் சமதூர விதியைத் தயக்கத்தோடு, ஒரு சோதனை முயற்சியாகத்தான் முன்மொழிந்தது என்பது அதன் ஆவணங்களிலேயே தெரிகிறது. அதோடு, ஒப்பந்தத்தின் முதல் மூன்று பிரிவுகளைத் தவிர மற்ற எதற்கும் விலக்குக் குறிப்பு போட்டுக்கொண்டு சேரலாம் என்று ஒப்பந்தமே சொன்னது. 6-ஆம் பிரிவு அந்த விலக்கத்தக்க பட்டியலில் விழுகிறது. எல்லோரையும் கட்டும் பொதுச் சட்டம் என்று வரைந்தவர்களே கருதியிருந்தால், வேண்டாதவர் விலகலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பார்களா?

மூன்றாவது வழியில்தான் உங்கள் பதினைந்து வருகிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தொடர்புடைய நாடுகள் ஒப்பந்தத்தில் இருந்தவை, அல்லது விரைவில் சேர்ந்தவை. ஒப்பந்தக் கடமைப்படி நடந்தவர் எதை நிரூபிக்கிறார்? தாம் ஒப்பந்தத்தில் இருப்பதை மட்டுமே. மீதி சிலவற்றில் ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த நாடுகள் சமதூரக் கோட்டுக்குத் தம்முள் உடன்பட்டன. உடன்படுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், வசதியாக இருந்திருக்கலாம், சண்டை வேண்டாம் என்று இருந்திருக்கலாம். சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்துகிறது என்று நினைத்து அப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். இன்னும் சில, எதிரெதிர்க் கரைகளுக்கு நடுவே வரையப்பட்ட நடுக்கோடுகள். பக்கத்துப் பக்கத்துக் கரைகளின் சிக்கலே அவற்றில் எழுவதில்லை. வடிகட்டிப் பார்த்தால் கையில் நிற்பது மிகச் சில.

அதனால்தான் முப்பது இருந்தாலும் போதாது என்றேன். ஒப்பந்தத்தில் சேரும் நாடுகள் கூடக் கூட, அதற்கு வெளியே நின்று வழக்காற்றுக்குச் சாட்சி சொல்லக்கூடிய நாடுகள் குறைந்துகொண்டே போகும். இந்தப் புதிரை ரிச்சர்ட் பாக்ஸ்டர் எடுத்துக் காட்டியதால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

எதிர்க்கேள்வி:

நெடுங்கடல் ஐயா எழுதியது தெளிவாக இருக்கிறது, ஆனால் அந்தத் தெளிவே எனக்கு இடறுகிறது. ஒரு நாடு சட்டக் கடமை என்று நம்பித்தான் நடந்தது என்பதை யாரால் நிரூபிக்க முடியும்? நாட்டுக்கு மனம் கிடையாது. கோப்பில் குறிப்பெழுதும் அதிகாரி, இது சட்டக் கடமை, எனவே செய்கிறோம் என்று எழுதுவாரா? இப்படிக் கேட்டால் எந்த வழக்காறும் ஒருபோதும் நிலைபெறாது.

நெடுங்கடல்:

உங்களுக்குத் துணையாக அந்த நீதிமன்றத்திலேயே ஆட்கள் இருந்தார்கள். மாறுபட்ட ஆறு பேரில் போலந்து நாட்டு நீதிபதி மான்ஃப்ரெட் லாக்ஸ் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார். பரவலான நடைமுறை இருந்தால், நாடுகள் அதைச் சட்டம் என்று கருதியே நடந்தன என்று ஊகித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு நாட்டின் உள்நோக்கத்தையும் தோண்டச் சொல்வது நிறைவேற்ற முடியாத சுமை என்பது அவர் பக்கம். ஏற்புறுதி எண்ணிக்கையையும் வைத்து எடை போடாதீர்கள், நாடுகள் உள்நாட்டுக் காரணங்களால் தாமதிப்பது சாதாரணம் என்றார். டென்மார்க்கும் நெதர்லாந்தும் இந்த வழக்குக்காகச் சேர்ந்து நியமித்த தனி நீதிபதி சோரன்சனும் ஏறக்குறைய அந்தப் பாதையில் போனார். மாதிரிவாதி, உங்கள் அணி மனப்பாடம் செய்ய வேண்டியது பெரும்பான்மைத் தீர்ப்பை அன்று, இந்த இரண்டு மாறுபட்ட தீர்ப்புகளை.

ஆனால் பெரும்பான்மையினரின் அச்சத்தையும் புரிந்துகொள்ளுங்கள். நாடுகள் எத்தனையோ காரியங்களை மாறாமல் செய்கின்றன. பிற நாட்டுத் தலைவர் வந்தால் கம்பளம் விரிப்பது, படை அணிவகுப்பு மரியாதை தருவது, இவையெல்லாம் ஏறக்குறைய விதிவிலக்கில்லாமல் நடப்பவை. கம்பளம் விரிக்காவிட்டால் சட்ட மீறல் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. பழக்கத்துக்கும் வழக்காற்றுக்கும் நடுவே ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா?

பாம்பன்கரை:

நான் சட்டம் படித்தவன் இல்லை. என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் கச்சத்தீவுப் பக்கம் வலை போட்டவர்கள். தீவில் வலை காயவைத்துக் கஞ்சி குடித்துவிட்டு வருவதை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான் வழக்காறு என்றால், 1974-இல் இரண்டு அரசுகள் எழுதிய தாள் அதை எப்படி அழிக்க முடியும்? எங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே. இந்த இழைக்குப் பொருந்தாத கேள்வி என்றால் மன்னிக்கவும்.

திருவொற்றியூரான்:

அண்ணே, பொருந்தாத கேள்வி இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வரை ஒப்பந்தம் வந்துவிட்டால் வழக்காறு போய்விடும், அவ்வளவுதான்.

நெடுங்கடல்:

அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது, தம்பி. எந்த வாதம் நிற்கும், எது நிற்காது என்று மட்டும் சொல்ல முயல்கிறேன். பாம்பன்காரரின் மனக்குறைக்கு அது ஈடாகாது.

முதலில், சம்மதம் கேட்கவில்லை என்பது. பன்னாட்டுச் சட்டத்தில் சம்மதம் என்றால் அரசின் சம்மதம். அரசு தன் குடிமக்களைக் கேட்டதா என்பது அந்த நாட்டு அரசியலமைப்பின் கேள்வி, மறுதரப்பு நாட்டுக்கு அது பொதுவாகக் கவலையில்லை. இது இந்தச் சட்டத்தின் மிகக் கடுமையான இடம், இதை நான் மழுப்ப விரும்பவில்லை.

அடுத்து, இரண்டு நாடுகளுக்கு இடையே மட்டும் ஒரு வழக்காறு உருவாகலாமா? உருவாகலாம். அதற்கான முன்மாதிரியே இந்தியா வழக்காடிய வழக்குதான். டாமனிலிருந்து தாத்ரா, நகர் ஹவேலிக்கு இந்திய நிலத்தின் வழியே போக வழியுரிமை உண்டு என்று போர்ச்சுகல் கேட்டது. 1960-இல் தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியிலும் அதன் பின்னும் ஒன்றேகால் நூற்றாண்டாகத் தனிமனிதர்களும் சிவில் அதிகாரிகளும் சரக்குகளும் தடையின்றிப் போய்வந்ததால், அந்த அளவுக்கு உரிமை பிறந்திருக்கிறது என்றது நீதிமன்றம். ஆனால் படையும் ஆயுதம் தாங்கிய காவலரும் போனபோதெல்லாம் முன்கூட்டி அனுமதி கேட்டுத்தான் போனார்கள். அனுமதி கேட்டுச் செய்தது எத்தனை முறை நடந்தாலும் உரிமையாகாது. எதிர்க்கேள்வி கேட்டாரே, மனத்தை எப்படி நிரூபிப்பது என்று, அதற்கு இங்கே ஒரு விடை இருக்கிறது: அனுமதி கேட்டார்களா என்று பாருங்கள். (அப்படி உரிமை இருந்தும், 1954-இன் பதற்றச் சூழலில் இந்தியா வழியை நிறுத்தியது தவறில்லை என்றே நீதிமன்றம் முடித்தது. அது வேறு கிளை.)

மூன்றாவது, பின்வந்த ஒப்பந்தம். இரு நாடுகளுக்கு இடையிலான வழக்காற்றை அவ்விரு நாடுகளே ஒப்பந்தத்தால் மாற்றிக்கொள்ளலாம். 1974 உடன்பாட்டின் 5-ஆம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே, பயண ஆவணமோ விசாவோ இல்லாமல், தீவுக்குச் சென்றுவர இடம் தருகிறது. 6-ஆம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் மற்றதன் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரும் என்கிறது. உங்கள் தாத்தாவின் வழக்கம் அந்த 6-ஆம் பிரிவுக்குள் வருமா என்பதுதான் வாதம். ஆனால் 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டன. இலங்கை அந்தக் கடிதத்தைக் காட்டும், நீங்கள் 6-ஆம் பிரிவைக் காட்ட வேண்டியிருக்கும்.

எதிர்க்கேள்வி:

ஐயா, எரித்திரியாவுக்கும் ஏமனுக்கும் இடையில் செங்கடல் தீவுகள் பற்றிய நடுவர் தீர்ப்பை மறந்துவிட்டீர்களே. 1998-இல் முக்கியமான தீவுகளை ஏமனுக்குக் கொடுத்துவிட்டு, இருநாட்டு மீனவரும் அனுபவித்து வந்த மரபு மீன்பிடி முறை அப்படியே தொடரும் என்று அந்த நடுவர் மன்றம் சொன்னது. தீவு யாருடையது என்பது வேறு, மீனவன் வலை போடுவது வேறு என்று அங்கே பிரித்தார்கள். பாம்பன்காரரின் கேள்விக்கு அது நெருங்கி வருகிறது.

நெடுங்கடல்:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள், நான் எழுதியிருக்க வேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே மீன்பிடியைத் தடுத்து எழுதிய 1976 கடிதம் போன்ற ஒன்று இல்லை. அந்தக் கடிதம் மரபு உரிமையை முழுதும் அணைத்துவிட்டதா, இல்லை அது வேறு கடற்பரப்பின் எல்லை உடன்பாட்டோடு சேர்ந்து வந்ததால் பாக் நீரிணைக்கு அதன் வீச்சு குறைவா என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் முழுமையாகச் சாயவில்லை, ஆனால் ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன்.

பாம்பன்கரை:

நன்றி ஐயா. அனுமதி கேட்டார்களா என்று பாருங்கள் என்றீர்களே, எங்கள் ஆட்கள் யாரிடமும் கேட்டதில்லை. அதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

எதிர்க்கேள்வி:

இனி என் பெரிய சந்தேகத்துக்கு வருகிறேன். நாட்டின் சம்மதமே அடிப்படை என்று இந்த இழையில் எல்லோரும் பேசுகிறோம். 1947-க்குப் பின் பிறந்த நாடுகளைப் பாருங்கள். கடல் வழக்காறு, தூதர் வழக்காறு, அயல்நாட்டு முதலீட்டாளருக்கான வழக்காறு எல்லாம் ஐரோப்பியக் கப்பல்கள் போட்ட தடத்தில் உருவானவை. விடுதலை பெற்ற அன்று காலையிலேயே அவை புதிய நாட்டைக் கட்டும் என்கிறார்கள். யார் சம்மதித்தது? ஒப்பந்தத்தில் சம்மதம் உண்மை, வழக்காற்றில் அது கற்பனை.

நெடுங்கடல்:

ஒப்பந்தத்தில் ஒரு நாடு உள்ளே வர வாய் திறந்து ஆம் என்று சொல்ல வேண்டும். வழக்காற்றில் வெளியே நிற்க வாய் திறந்து இல்லை என்று சொல்ல வேண்டும், அதுவும் விதி உருவாகும் காலத்திலேயே, விடாமல். மௌனம் இரண்டு இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. 1951-இல் பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடந்த மீன்பிடி வழக்கில், விரிகுடாவின் வாய் பத்து மைலுக்கு மேல் அகன்றிருந்தால் அடைத்துக் கோடு போடக் கூடாது என்று பிரிட்டன் ஒரு விதியைச் சொன்னது. அப்படி ஒரு பொதுவிதியே இல்லை என்றது நீதிமன்றம். இருந்திருந்தாலும், தன் கரைக்கு அதைப் பொருத்த முயன்ற ஒவ்வொரு முறையும் நார்வே எதிர்த்து வந்திருப்பதால் நார்வேயைக் கட்டாது என்றும் சேர்த்துச் சொன்னது. வட கடல் வழக்கிலும் ஜெர்மனிக்குக் கைகொடுத்தது அது மறுத்தது மட்டும் இல்லை, விதியே இன்னும் பிறக்கவில்லை என்பதும்தான்.

புதிய நாடுகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரியான குற்றச்சாட்டு. பிறப்பதற்கு முன்பே எப்படி மறுப்பது? அதனால்தான் அந்நாடுகள் 1960, 70-களில் ஐ.நா. பொதுச்சபையில் தம் எண்ணிக்கையைக் கொண்டு விதிகளையே மாற்ற முயன்றன. ஆனால் சம்மதம் முழுவதும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியா இன்று வரை வியன்னா ஒப்பந்தத்தில் சேரவில்லை. இருந்தும் நம் உச்ச நீதிமன்றம் 2011-இல் ராம் ஜெத்மலானி வழக்கில், சேராதது உண்மை என்று சொல்லிக்கொண்டே, ஒப்பந்தங்களைப் பொருள் கொள்ள அதன் 31-ஆம் பிரிவை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டது. சம்மதிக்காத ஒப்பந்தம் வழக்காறாக உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது, நம் அரசும் இதற்கு எதிர்ப்புச் சொல்லவில்லை.

எதிர்க்கேள்வி:

எதிர்ப்புச் சொல்லாததைச் சம்மதம் என்று நீங்கள் அழைக்கிறீர்கள். நான் அதைச் சோம்பல் என்கிறேன். இதில் நாம் உடன்பட மாட்டோம் போலிருக்கிறது.

நெடுங்கடல்:

ஆம், உடன்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர்களே இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். இனப்படுகொலை, அடிமைத்தனம் போன்றவற்றைத் தடுக்கும் விதிகளில் மட்டும் எவ்வளவு உரக்க மறுத்தாலும் பயனில்லை என்பதில் இப்போது பெரிய வேறுபாடு கிடையாது.

மாதிரிவாதி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. தோற்ற டென்மார்க்கும் நெதர்லாந்தும் பின்னால் என்ன செய்தன? அந்தச் சமதூரக் கோடு உண்மையிலேயே செத்துவிட்டதா?

நெடுங்கடல்:

நீதிமன்றம் கோடு வரையவில்லை. நியாயமான கொள்கைகளின்படி, கரையின் வடிவத்தையும் கடலடியின் அமைப்பையும் கரை நீளத்துக்கும் பங்குக்கும் உள்ள விகிதத்தையும் மனத்தில் வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியது. 1971 ஜனவரியில் உடன்பாடு வந்தது. ஜெர்மனிக்கு நடுக்கடல் வரை, இங்கிலாந்தின் பங்கைத் தொடும் ஒரு நீண்ட ஒடுங்கிய பட்டை கிடைத்தது. வரைபடத்தில் அது வாத்தின் அலகைப் போலிருக்கும், ஜெர்மானியர் அப்படியே அழைக்கிறார்கள். டென்மார்க் ஏற்கெனவே எண்ணெய்க்குத் துளையிட்டிருந்த இடங்களை விட்டு விலகிக் கோடு வளைந்து போவதையும் பார்க்கலாம்.

சமதூரக் கோடு சாகவில்லை, பதவி மட்டும் இறங்கியது. 1982-இன் கடல் சட்ட ஒப்பந்தம் கண்டத்திட்டுக்கு அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, நியாயமான தீர்வு என்று மட்டும் எழுதியது. ஆனால் நீதிமன்றங்கள் இப்போது முதலில் தற்காலிகமாக ஒரு சமதூரக் கோடு போட்டு, பிறகு கரையின் குழிவு போன்றவற்றுக்காகத் திருத்துகின்றன. 2014-இல் வங்காள விரிகுடாவில் வங்காளதேசம் ஜெர்மனியின் இடத்திலேயே நின்றது. இந்தியாவுக்கும் மியான்மருக்கும் நடுவே உள்வாங்கிய கரை, இருபுறமும் கோடுகள் முட்டும். நடுவர் மன்றம் அந்தத் துண்டிப்பை ஏற்றுக்கொண்டு கோட்டைத் திருப்பியது. இந்தியா சமதூரத்துக்காக வாதிட்ட பக்கம். பூசலுக்குரிய 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்காளதேசத்துக்குப் போயிற்று.

உங்கள் அணிக்கு என் யோசனை ஒன்றுதான். எண்ணிக்கையை அடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் சேராத நாடுகள் இரண்டு, தம்முள் உடன்பாடு இல்லாத கட்டத்தில், சமதூரம்தான் சட்டம் என்று சொல்லிக் கோடு போட்ட ஒரே ஒரு நிகழ்வை வழக்குக் குறிப்பில் தேடுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால், அது பதினைந்தைவிடக் கனமானது. வினாத்தாளில் வழக்கின் தேதி என்ன?

மாதிரிவாதி:

1968 மார்ச் என்று கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் 1982-ஐயும் வங்காள விரிகுடாவையும் நான் தொடவே முடியாது. நீங்கள் சொன்ன அந்த ஒரு நிகழ்வு இருக்கிறதா என்று பின்னிணைப்பைப் பார்த்தேன். 23-ஆம் பத்தியில், சேராத இரண்டு நாடுகள் நடுக்கோடு போட்டதாக இருக்கிறது, ஆனால் எதிரெதிர்க் கரைகள். நாளைக்கு அணியோடு உட்கார்ந்து மீண்டும் படிக்கிறேன்.